ஒரு கூரை, பன்னிரண்டு அடுப்பு: சீதாவக்கையில் ஒரு கிராமத்தின் சனத்தொகையைக் கட்டங்களில் பரப்பியபோது

கொழும்பு மாவட்டம் என்றதும் காலிமுகத்திடலும் புறக்கோட்டையும் வெள்ளவத்தை அடுக்குமாடிகளும்தான் ஞாபகத்துக்கு வரும். மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் அவிசாவளையைச் சுற்றி இறப்பர் மலைகள் இருப்பதும், அந்த மலைகளில் இன்னும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்களில் சனம் குடியிருப்பதும் கொழும்பில் இருக்கிற எங்களுக்கே சட்டென்று நினைவில் நிற்பதில்லை. நான் சொல்லப்போகும் பிழை அந்த மறதியிலிருந்துதான் தொடங்கியது.

எங்களிடம் வந்த கேள்வி சிறியது. சீதாவக்கைப் பிரதேச செயலகப் பிரிவில் ஒரு கிராம அலுவலர் பிரிவு. அங்கே ஒரு சரிவு மண்சரிவு அபாயமுள்ளது என்று வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது. மழை கடுமையானால் அந்தச் சரிவிலிருந்து எத்தனை பேரை வெளியேற்ற வேண்டியிருக்கும்? கையில் இருந்தது அந்தப் பிரிவின் மொத்தச் சனத்தொகை மட்டும். கணக்கெடுப்பு முடிவுகள் கிடைக்கும் மிகச் சிறிய அலகு அதுதான். அதற்குள்ளே யார் எங்கே இருக்கிறார்கள் என்பது அந்த அட்டவணையில் கிடையாது. பிரிவின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். எண்களையும் வாசிப்பவர் மனக்கணக்காகப் பார்க்கும்படி கொஞ்சம் முழுமைப்படுத்தியிருக்கிறேன்.

வழக்கமான வழி இது. பிரிவின் எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு கட்டடத்தின் கூரை உருவத்தையும் எடுத்துக்கொள்வது, மொத்தச் சனத்தொகையைக் கூரைப் பரப்பளவின் விகிதப்படி பிரித்துக் கொடுப்பது, பிறகு நூறு மீட்டர் கட்டங்களாகக் கூட்டி, கட்டத்துக்கு ஓர் எண் என்று ராஸ்டர் ஆக்குவது. காட்டிலும் வயலிலும் ஆள் விழமாட்டார்கள், வீடுகள் இருக்கும் இடத்தில் விழுவார்கள். எல்லைக்குள் சமமாகத் தூவிவிடுவதை விட இது எவ்வளவோ மேல் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

கூரைகளுக்குக் கூகிளின் Open Buildings மூன்றாம் பதிப்பை எடுத்தோம். செய்மதிப் படத்திலிருந்து கணினி கண்டுபிடித்த கட்டடங்கள் அவை. ஒவ்வொன்றுக்கும் `area_in_meters` என்று பரப்பளவும், `confidence` என்று 0.65 முதல் 1 வரை ஒரு நம்பிக்கை மதிப்பும் இருக்கும். அது வீடா, கடையா, கோவிலா என்று அதில் எதுவும் இல்லை. கூரை இருக்கிறது, அவ்வளவுதான். இலங்கையின் SLD99 ஆள்கூற்று முறைக்கு (`EPSG:5235`) எல்லாவற்றையும் மாற்றிவிட்டு ஓட்டிய நிரலின் கரு இவ்வளவே:

```python
b = gpd.overlay(bld, gn[["ADM4_PCODE", "pop", "geometry"]],
                how="intersection")
b = gpd.overlay(b, grid[["cell", "geometry"]], how="intersection")
b["w"] = b.area * b["k"]
b["p"] = b["pop"] * b["w"] / \
         b.groupby("ADM4_PCODE")["w"].transform("sum")
cell = b.groupby("cell")["p"].sum()
```

கட்டடத்தை முதலில் பிரிவின் எல்லையாலும் பிறகு கட்டத்தின் எல்லையாலும் வெட்டி, துண்டு துண்டாகப் பங்கிட்டு, கடைசியில்தான் கட்டமாகக் கூட்டுகிறோம். இந்த ஒழுங்கு முக்கியம். கட்டத்தின் நடுப்புள்ளி எந்தப் பிரிவில் விழுகிறதோ அந்தப் பிரிவுக்கு முழுக் கட்டத்தையும் கொடுத்துவிட்டால், ஓரத்தில் இருக்கும் கட்டங்களில் அடுத்த பிரிவின் வீடுகளும் நம் கணக்குக்குள் வந்துவிடும். துண்டாக வைத்திருந்தால் ஒரு கட்டம் இரண்டு பிரிவுகளிடமிருந்தும் ஆட்களை வாங்கிக்கொள்ளலாம், எந்தப் பிரிவின் மொத்தமும் மாறாது. `k` என்பது கட்டடத்தின் நிறை, அதாவது அதன் பரப்பளவைப் பெருக்கும் எண். முதல் ஓட்டத்தில் எல்லாவற்றுக்கும் 1.

ஓட்டி முடித்ததும் வழக்கமான சோதனை. பிரிவுவாரியாகக் கட்டங்களைக் கூட்டினால் கணக்கெடுப்பின் எண் வருகிறதா? வந்தது. 1,416 பேர், 1,416 பேர்தான். தசமத்துக்குக்கூட வித்தியாசம் இல்லை. தேநீர் குடிக்கப் போய்விட்டோம்.

திரும்பி வந்து சரிவின் கீழ் விழும் கட்டங்களைக் கூட்டினோம். 53 பேர் என்றது. அதைப் பார்த்துவிட்டு எங்களோடு களவேலை செய்யும் தங்கை ஒருத்தி, அவிசாவளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள், திரையை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். "அண்ணா, இது நாலும் லயன். கூரை ஒன்னுதான், அடுப்பு பன்னெண்டு. ஒரு லயத்துலயே அம்பது பேரு இருப்பாங்களே."

அந்த இடத்தில் மேலிருந்து தெரிவது நீளமான நான்கு தகரக் கூரைகள். ஒவ்வொன்றும் 44 மீட்டர் நீளம், 7 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம், சுமார் 300 சதுர மீட்டர். உள்ளே 12 காம்பறாக்கள். ஒரு காம்பறாவுக்குப் பன்னிரண்டு அடி முகப்பு, முன்னால் திண்ணை, பின்னால் அடுப்படி. ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம், சராசரி நான்கு பேர். ஆக ஒரு கூரைக்குக் கீழ் 48 பேர். எங்கள் கணக்கு அதற்கு 13 பேர் கொடுத்திருந்தது.

பிரிவு முழுவதையும் அடுத்த கிழமை நேரில் எண்ணினோம். லயன்கள் 12, அவற்றில் 576 பேர். கீழே கிராமத்தில் தனி வீடுகள் 210, சராசரி 110 சதுர மீட்டர் கூரை, 840 பேர். மீதி 18 கட்டடங்கள் ஆள் குடியிருக்காதவை: இறப்பர் தொழிற்சாலை, புகைக்கூடம், களஞ்சியம், பள்ளிக்கூடக் கட்டடங்கள், கோவில், கடைகள். மொத்தக் கூரை 32,000 சதுர மீட்டர். அதில் லயன்கள் 3,600, வீடுகள் 23,100, மற்றவை 5,300. (கணக்கெடுப்பு எண்ணும் எங்கள் எண்ணும் இப்படி அச்சாகப் பொருந்தாது. வாசிக்க வசதியாகப் பொருத்திக் காட்டியிருக்கிறேன்.)

பரப்பளவு முறையில் பிழை எங்கிருந்து வருகிறது என்று இப்போது பார்க்கலாம். 1,416 ஐ 32,000 ஆல் வகுத்தால் நூறு சதுர மீட்டருக்கு 4.4 பேர். இதையே எல்லாக் கூரைக்கும் கொடுத்தோம். தொழிற்சாலைக்கும் புகைக்கூடத்துக்கும் அந்த வீதத்தில் ஆள் போனார்கள். லயனில் உண்மையில் நூறு சதுர மீட்டருக்கு 16 பேர், தனி வீட்டில் 3.6 பேர்.

சரி, பரப்பளவை விட்டுவிட்டுக் கட்டடங்களின் எண்ணிக்கைப்படி பிரித்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். கிராமப்புறத்தில் இதுவும் நடைமுறையில் உள்ள முறைதான்; பெரிய வீடு என்பதற்காக அதிக ஆள் இருப்பதில்லை என்பது அதன் நியாயம். 240 கட்டடங்கள், கட்டடத்துக்கு 5.9 பேர். லயனுக்கும் 5.9, பூட்டிக்கிடக்கும் களஞ்சியத்துக்கும் 5.9. லயன் சனம் முன்பைவிடக் குறைந்துபோனது.

மூன்றாவது யோசனை என்னுடையது, அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. 250 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கூரையெல்லாம் தொழிற்சாலை, களஞ்சியம் வகை, அவற்றை நீக்கிவிடலாம் என்றேன். பல இடங்களில் இப்படி ஒரு வாசல் வைத்துத்தான் வேலை செய்கிறோம். வைத்தோம். தொழிற்சாலையும் புகைக்கூடமும் களஞ்சியமும் அழகாக விழுந்தன. கூடவே பன்னிரண்டு லயன்களும் விழுந்தன. பிரிவின் நூற்றுக்கு நாற்பது பேர் தங்கள் சரிவிலிருந்து கிளம்பி, கீழே கிராமத்து வீடுகளிலும் பள்ளிக்கூடத்திலும் போய்க் குந்திக்கொண்டார்கள்.

| முறை | லயன்கள் | வீடுகள் | மற்றவை |
|---|---|---|---|
| கூரைப் பரப்பளவு | 159 | 1,022 | 235 |
| கட்டட எண்ணிக்கை | 71 | 1,239 | 106 |
| 250 ச.மீ. வாசல் | 0 | 1,278 | 138 |
| நேரில் எண்ணியது | 576 | 840 | 0 |

ஒவ்வொரு வரியையும் கூட்டிப் பாருங்கள். எல்லாம் 1,416. எங்கள் சோதனை நான்குக்கும் "சரி" என்றுதான் சொல்லும். அந்தச் சூத்திரத்தில் மொத்தம் பொருந்தாமல் போகவே வழியில்லை: வகுக்கும் எண்ணும் பெருக்கும் எண்ணும் அதே நிறைகள்தான். மொத்தம் பொருந்தவில்லை என்றால் நிரலில் ஓட்டை இருக்கிறது என்று அறியலாம். பொருந்தினால் நிறைகளைப் பற்றி எதுவும் அறிய முடியாது.

அப்படியானால் களத்துக்குப் போகாமலே இதை மணந்து பிடித்திருக்க முடியாதா? முடிந்திருக்கும், அதுதான் எனக்கு உறைத்தது. பிரிவுவாரியாக நூறு சதுர மீட்டர் கூரைக்கு எத்தனை பேர் என்று ஒரு பத்தியைச் சேர்த்துப் பக்கத்துப் பிரிவுகளோடு வைத்துப் பார்த்திருக்க வேண்டும். தோட்டமில்லாத பக்கத்துக் கிராமங்களில் அது மூன்றரையைச் சுற்றி நிற்கிறது. எங்கள் பிரிவில் 4.4. பெரிய தொழிற்சாலைக் கூரை உள்ள இடத்தில் இந்த எண் அக்கம்பக்கத்தை விடக் குறைவாக இருக்க வேண்டும். கூடியிருக்கிறது என்றால் ஏதோ சில கூரைகள் தங்கள் அளவுக்கு மீறி ஆள் வைத்திருக்கின்றன, அல்லது சில கூரைகள் தரவிலேயே இல்லை. இரண்டில் ஒன்றுதான்.

இதைவிட வலுவான சோதனை ஒன்று உண்டு. பிரிவுகளின் எண்களை மறந்துவிட்டு, பிரதேச செயலகப் பிரிவு முழுவதற்கும் ஒரே மொத்தம்தான் தெரியும் என்று வைத்துக்கொண்டு அதே முறையை ஓட்டுவது. பிறகு கிராம அலுவலர் பிரிவுகளாகக் கூட்டி, மறந்த எண்களோடு ஒப்பிடுவது. இங்கே மொத்தம் தானாகப் பொருந்தாது, முறை தன் முகத்தைக் காட்டியே ஆக வேண்டும். செய்தோம். தோட்டப் பிரிவுகள் வரிசையாகக் குறைந்து வந்தன. அவிசாவளையிலுள்ள சீதாவக்கைக் கைத்தொழில் வலயத்தின் பெருங்கூரைகள் விழும் பக்கம் வீங்கி வந்தது. வரைபடத்தில் பிழைகளுக்கு நிறம் கொடுத்ததும் தோட்டங்களின் எல்லையைத் தனியாகக் கோடு போட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

திருத்தம் என்று செய்தது `k` ஐ மூன்றாகப் பிரித்ததுதான். லயனை எப்படி அடையாளம் காண்பது? உருவத்தால். ஒவ்வொரு கூரையையும் சுற்றி, சரித்து வைத்த மிகச் சிறிய செவ்வகத்தை வரைந்து, நீளத்தை அகலத்தால் வகுத்தோம். லயனுக்கு ஆறுக்கு மேல் வரும், தொழிற்சாலைக்கு இரண்டு. வாசலை ஐந்தில் வைத்தபோது லயன்களோடு பள்ளிக்கூடத்தின் நீளமான வகுப்பறைக் கட்டடம் ஒன்றும், கீழே ஒரு கோழிப்பண்ணையும் சேர்ந்து வந்தன. கோழிப்பண்ணைக்கு நூறு சதுர மீட்டருக்குப் பதினாறு பேர்! வாசலை ஆறுக்கு உயர்த்தினால் பத்துக் காம்பறா லயன்கள் கழன்றுவிடும். ஆகவே உருவத்தைப் பட்டியல் போட மட்டும் பயன்படுத்தினோம். பட்டியலைத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்து, லயன், லயன், பள்ளிக்கூடம், கோழி என்று சொன்னது அந்தத் தங்கைதான். ஒரு பிரிவுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

பட்டியலுக்கு முன்னாலேயே வேறொரு தொல்லை. பழைய தகரமும் புதுத் தகரமும் ஒட்டுப்போட்ட கூரையைக் கணினி ஒரே கட்டடமாகப் பார்ப்பதில்லை. துருப்பிடித்த பகுதி ஒன்று, நீலம் அடித்த பகுதி ஒன்று என்று மூன்று நான்காக உடைத்திருந்தது, அந்தத் துண்டுகளின் நம்பிக்கை மதிப்பும் குறைவு. 0.75 க்கு மேல் மட்டும் எடுப்போம் என்று நாங்கள் முதலில் வைத்த வாசலில் இரண்டு லயன்களின் நடுப்பகுதி காணாமல் போயிருந்தது. வாசலைத் தூக்கிவிட்டு, ஒன்றையொன்று தொடும் துண்டுகளை இணைத்த பிறகுதான் நீள அகல விகிதத்தைப் பார்க்க முடிந்தது. கொழும்பு நகரத்துக்குள் இதற்கு நேர்மாறு: வத்த என்று எல்லாரும் சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில் இருபது முப்பது கூரைகள் ஒட்டி ஒரே பெரிய கட்டடமாகத் தெரியும். அங்கே 250 சதுர மீட்டர் வாசல் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நிறைக்கு வருவோம். தனி வீட்டுக்கு 1 என்றால், லயனுக்கு 16 ஐ 3.6 ஆல் வகுத்து 4.4. குடியிருக்காத கட்டடத்துக்கு 0. லயன்களின் 3,600 சதுர மீட்டர் 15,840 ஆகிறது, வீடுகள் 23,100 ஆகவே நிற்கின்றன, கூட்டுத்தொகை 38,940. 1,416 ஐ இந்த விகிதத்தில் பிரித்தால் லயன்களுக்கு 576, வீடுகளுக்கு 840. சரியாக வந்துவிட்டது என்று யாரும் கைதட்ட வேண்டாம். எண்ணிய எண்ணிலிருந்து எடுத்த நிறை, எண்ணிய எண்ணைத்தான் திருப்பித் தரும். எண்ணாத பக்கத்துத் தோட்டங்களுக்கு இதே 4.4 ஐப் போட்டு, மேலே சொன்ன மறந்துவிட்டு ஓட்டும் சோதனையில் அவை எவ்வளவு நிமிர்கின்றன என்று பார்த்ததுதான் உண்மையான பரீட்சை. பெரும்பாலானவை நிமிர்ந்தன. கைத்தொழில் வலயத்தை ஒட்டிய சில பிரிவுகள் அப்போதும் குறைவாகவே நின்றன. வலயத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் போர்டிங் இருக்கும் வீடுகள் அங்கே நிறைய. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வீட்டுக் கூரை. அதைக் கூரை உருவத்தால் பிடிக்க எனக்கு வழி தெரியவில்லை, விட்டுவிட்டோம்.

கட்ட அளவில் இது எப்படித் தெரிகிறது என்று ஒரே கட்டத்தைப் பார்ப்போம். சரிவின் கீழே ஒரு ஹெக்டேயர் கட்டம். இரண்டு லயன்கள் முழுதாக அதற்குள், மூன்றாவது லயன் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே, ஒரு பங்கு அடுத்த கட்டத்தில். பழைய கணக்கில் இந்தக் கட்டத்தில் 35 பேர். புதியதில் 48, 48, 32, ஆக 128. கட்டடத்தின் நடுப்புள்ளியை மட்டும் வைத்துச் செய்திருந்தால் மூன்றாவது லயனின் 48 பேரும் இதே கட்டத்தில் விழுந்து 144 ஆகியிருக்கும். சிறிய வீடுகளுக்கு நடுப்புள்ளி போதும், 44 மீட்டர் நீளக் கூரைக்கு வெட்டித்தான் ஆக வேண்டும். சரிவு முழுவதற்கும் 53 ஆக இருந்தது 192 ஆனது.

இன்னொரு விடயம், சுருக்கமாக. கேட்டவர்கள் ராஸ்டரைப் பாகை அலகில், மூன்று செக்கன் கட்டமாகக் கேட்டார்கள். எண்ணிக்கை ராஸ்டரை வழக்கம்போல மாற்றினால் மொத்தம் கலைந்துவிடும். `gdalwarp` கட்டளைக்கு ஒன்றும் சொல்லாவிட்டால் அது பக்கத்துக் கட்டத்தின் எண்ணை அப்படியே நகலெடுக்கும், ஒரே ஆட்களை இரண்டு முறை எழுதவும் செய்யும். கூட்டுத்தொகை முறை இருக்கிறது:

```
gdalwarp -t_srs EPSG:4326 -tr 0.000833333 0.000833333 \
  -r sum pop_100m.tif pop_3s.tif
```

ஆள் இல்லாத கட்டங்களில் வெறுமை மதிப்பு இல்லாமல் 0 இருக்க வேண்டும். ஆனாலும் இது ஒவ்வொரு கட்டத்தின் ஆட்களையும் கட்டம் முழுக்கச் சமமாகப் பரப்பிவிட்டுத்தான் மறுபடி வெட்டுகிறது. துண்டுகள் கையில் இருக்கும்போது, கேட்ட கட்டத்தாலேயே நேரடியாக வெட்டிக் கூட்டுவதுதான் நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்து கொடுத்தோம். 0.4 பேர், 2.7 பேர் என்று வரும் தசமங்களை முழு எண்ணாக்கவில்லை. ஆக்கியிருந்தால் தனி வீடு ஒன்றின் ஓரம் மட்டும் விழும் கட்டங்களெல்லாம் பூச்சியமாகிச் சனம் உதிர்ந்திருக்கும்.

காலம் பற்றிய சிக்கல்தான் மிச்சம். நாங்கள் எடுத்தது 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. கூரைகளோ 2023 இல் கண்டெடுக்கப்பட்டவை. இடையில் முளைத்த வீடு ஒவ்வொன்றும் 2012 இல் இருந்தவர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கூகிளின் ஆண்டுவாரிக் கட்டடத் தரவு 2016 இலிருந்து கிடைக்கிறது. அதை வைத்துப் புது வீடுகளை ஓரளவு கழிக்கலாம், கழித்தோம். லயன்களில் இது வேறு மாதிரிப் படுத்துகிறது. நாங்கள் எண்ணாத பக்கத்துத் தோட்டமொன்றின் மேல் டிவிசனில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சனம் அங்கே போய்விட்டது, பழைய லயன்கள் இரண்டின் கூரை இன்னும் அப்படியே நிற்கிறது, மூன்று காம்பறாவில் மட்டும் அடுப்பு எரிகிறது. மேலிருந்து பார்க்கும் எதற்கும் இந்த வித்தியாசம் தெரியாது. அந்த இரண்டு லயன்களுக்கும் `k` பத்தியை வெறுமையாக விட்டிருக்கிறோம். தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது எண்ணிக்கொண்டு வருவதாகத் தங்கை சொல்லியிருக்கிறாள்.